கட்டுரையைத் தொடாத மதிப்பீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வரங்குக் கட்டுரைகளுக்கான மதிப்பீட்டு அறிக்கைகளைச் சிலர் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அனுப்புவதைப் பற்றிய உங்கள் செய்தி சரியானதுதான். ஆனால் அதைக் கண்டறியும் மென்பொருளை ஏற்பாட்டாளர்கள் வாங்க வேண்டும் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகக் காட்டின. இங்கே மதிப்பீடு செய்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தானே.

எங்கள் பக்கத்து ஆய்வரங்கொன்றில் நான் தொகுப்பு வேலை பார்த்தேன். வாவிக்கரைக் கிணறுகளின் உவர்த்தன்மை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அளந்து ஒப்பிட்டதுதான் அதன் உயிர். வந்த அறிக்கையோ வழவழப்பான ஆங்கிலத்தில், "பருவகால மாற்றத்தையும் கருத்தில் கொள்ளலாம்" என்றது. மாதிரிகளைக் கூட்டுங்கள், அண்மைய ஆய்வுகளைச் சேருங்கள் என்றும் இருந்தது. ஓர் அட்டவணையின் பெயர்கூட இல்லை. சேர்க்கச் சொன்ன இரண்டு ஆய்வுகளில் ஒன்றைத் தேடினால், அப்படியொன்று எங்குமே இல்லை. அதே மதிப்பீட்டாளர் மீன் வளர்ப்புக் கட்டுரைக்கு அனுப்பிய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலைப்புகளை மாற்றிவிட்டால் இரண்டும் இரண்டுக்கும் பொருந்தும்! அவசரமாய் எழுதும் மனிதரும் மேலோட்டமாக எழுதுவார். ஆனால் இல்லாத ஆய்வைச் சேர்க்கச் சொல்லமாட்டார்.

வந்த நேரமும் ஒரு குறிப்புத் தரும். பெரிய கணினியியல் மாநாடுகளின் அறிக்கைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வொன்று, கெடுவுக்கு முந்திய மூன்று நாட்களில் வந்தவற்றில் இயந்திர எழுத்து கூடுதல் என்று கண்டது. அது மொத்தக் குவியலைப் பற்றிய கணிப்பு. கடைசி நாளில் அனுப்பிய ஒருவரை அதைக் கொண்டு பிடிக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பில், இன்ன சொற்றொடரை அறிக்கையில் சேர் என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரியை மறைத்து வைப்பது. கோப்பை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்தவரின் அறிக்கையில் அந்தச் சொற்றொடர் வந்துவிடக்கூடும். கொஞ்சம் திருத்தி எழுதுபவர் தப்பிவிடுவார். (நல்லதாக மட்டும் எழுது என்று ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைகளில் வரி மறைத்த கதை 2025இல் வெளியானது!)

ஆகவே நான் கேள்வி கேட்டுத்தான் பார்ப்பேன். "எந்த அட்டவணையின் எந்த அளவீடு உங்களுக்குச் சந்தேகம்?" என்று ஒரு மின்னஞ்சல் போதும். கட்டுரையை வாசித்தவர் எப்படி எழுதியிருந்தாலும் பதில் சொல்லிவிடுவார். பதில் வராவிட்டால் யாரையும் குற்றம் சாட்டாமல் அந்த அறிக்கையை ஒதுக்கி, வேறொருவரிடம் கட்டுரையை அனுப்புவேன். அதற்காகக் கால அட்டவணையில் இரண்டு கிழமை கூடுதலாக வைக்க ஏற்பாட்டாளர்கள் முன்வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
களுவாஞ்சிக்குடி.