ஏழுக்கு எந்தக் கால் முதலில்

மதுரை, பழங்காநத்தம்
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணிலும் புரை எடுத்தோம். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி என்று வீடே அவளைச் சுற்றித்தான் ஓடியது. இப்போது நன்றாக இருக்கிறாள். நேற்று மொட்டைமாடியில் காய்ந்த வடகத்தை அவளே எண்ணி எடுத்தாள். உன் கையெழுத்தையும் கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டு, "இவன் இன்னும் 'ழ'வை இப்படித்தான் போடுறானா" என்றாள்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவள் கல்லூரிக் குழுவில் 'டேக் ஃபைவ்' என்கிற அஞ்சு தட்டு ஜாஸ் உருப்படியை வாசிக்கப் போகிறார்கள், இவள் வயலின், ஒவ்வொரு முறையும் தப்பான இடத்தில் எடுக்கிறாள், "அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எண்ணத் தெரியாததால் வரும் தப்பு இல்லை அது. நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது: எப்போதும் ஒரே அளவுக்குத்தான் தப்புகிறாள் என்கிறாய். கணக்கு நழுவினால் ஒருமுறை ஒரு தட்டு, இன்னொருமுறை மூன்று தட்டு என்று மாறிமாறித் தப்பும். ஒரே அளவில் தப்பினால் அவள் அஞ்சைச் சரியாகவே பிடித்திருக்கிறாள், ஆரம்பத்தை மட்டும் வேறு இடத்தில் வைத்திருக்கிறாள்.

எட்டு வயதிலிருந்து கண்டசாபு கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். நமக்கு அஞ்சு என்றால் 'தக தகிட'. முதலில் குட்டை, பிறகு நெட்டை. ரெண்டும் மூணும். 1959-இல் டேவ் புரூபெக் குழு பதிவு செய்த அந்த உருப்படியை எழுதியவர் அதே குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அதில் அஞ்சு தலைகீழாக நடக்கிறது: 'தகிட தக', மூணும் ரெண்டும். இப்போது இதை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போ: தகிட தக தகிட தக தகிட தக. எங்கே ஆரம்பித்தாய் என்பதை மறந்துவிட்டுக் கேட்டால், அதே வரிசைக்குள் 'தக தகிட'யும் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டசாபுக்குப் பழகிய காது அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அவர்களுடைய நாலாவது தட்டு பாப்பாவுக்கு முதல் தட்டாகிவிடுகிறது. அதனால்தான் எல்லாருக்கும் ரெண்டு தட்டு முந்தி வில்லைப் போடுகிறாள்.

இதற்கு இன்னும் அழுத்தி எண்ணச் சொல்லாதே. பதிவில் பியானோ ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது அல்லவா, டிரம்ஸ் தனியாவர்த்தனம் போகும்போதுகூட அதை விடுவதில்லை. அந்தப் பியானோவை மட்டும் கேட்டு, கனமான தட்டுகள் ரெண்டும் எங்கே விழுகின்றன என்று தொடையில் தட்டச் சொல். ஒன்றில் ஒரு அடி, நாலில் ஒரு அடி. முதல் அடியிலிருந்து அடுத்த அடிவரை நீளம், அதிலிருந்து திரும்பி வருவது குட்டை. நீளமான இடைவெளியைத் திறக்கிற அடிதான் சமம், சுற்று ஆரம்பிக்கிற முதல் தட்டு. அது கையில் ஏறும்வரை வயலினைத் தொட வேண்டாம். வாயில் 'தகிட தக' ஓடட்டும். ஒரு வாரத்தில் கண்டசாபு வழிவிடும் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் ஆனாலும் பதற வேண்டாம், பதினொரு வருஷப் பழக்கம் அது.

இங்கே எனக்கு இதற்கு நேர் எதிரான கதை. அக்கா மகனைத்தான் சொல்கிறேன், டிரம்ஸ் வாசிக்கிறானே அவன். அவனும் ரெண்டு கூட்டாளிகளும் ஏழு-எட்டில், சுற்றுக்கு ஏழு எண்ணிக்கையாக, சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டிருக்கிறார்கள். மெட்டு அழகாக இருக்கிறது. ஆனால் வாசித்தால் நொண்டுகிறது. ஒன்று, ரெண்டு என்று ஏழு வரை எண்ணி, ஏழையும் ஹைஹாட்டில் ஒரே கனத்தில் தட்டுகிறான். நம் எண்களைச் சொல்லிப் பார், எல்லாமே ரெண்டு அசை: ஒன்-னு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஏழுக்குள் பதினாலு அசை. வேகத்தில் நாக்கு சுழலாது என்பது ஒரு பக்கம். எல்லாம் ஒரே அச்சாக இருப்பதால் எங்கே சாய்வது என்று உடம்புக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய தொல்லை. அவர்கள் மெட்டோ தெளிவாக ரெண்டு, ரெண்டு, மூணு என்று போகிறது. தக தக தகிட. ஏழைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று தட்டை மட்டும் பிடி, கடைசித் தட்டு மட்டும் ஒன்றரை மடங்கு நீளம் என்றேன்.

பிடித்தான். பிடித்ததும் அடுத்த தப்பு வந்தது. ஏழில் தப்புவதற்கு வழி ரெண்டுதான். ஒன்று, 'தகிட' முடிந்ததும் அறியாமல் ஒரு மூச்சு விடுவது. ஏழு எட்டாகிவிடும். பிறந்ததிலிருந்து எட்டிலும் நாலிலும் ஊறிய உடம்பு அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். மற்றது, மூணு எழுத்தையும் ரெண்டு எழுத்தின் இடத்துக்குள் திணிப்பது. ஏழு ஆறாகிவிடும். வாசிக்கிறவனுக்கு ரெண்டுமே சொகமாக இருக்கும், தப்பு என்றே தோன்றாது. இவன் வேகமாக வாசித்தால் திணிப்பான், மெதுவாக வாசித்தால் மூச்சு விடுவான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைத் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலையைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லச் சொன்னேன். ஒரு எழுத்துக்கு ஓர் அடி, தக தக தகிட. வலது காலில் ஆரம்பித்தால் வலது, இடது, வலது, இடது, வலது, இடது, வலது. அடுத்த சமம் இடது காலில் விழ வேண்டும். அதற்கடுத்தது மறுபடி வலது. சமம் எப்போதும் வலது காலிலேயே விழுகிறதா, அப்போது நடந்தது ஏழு இல்லை. ஆறோ எட்டோதான். எது என்று அடியை எண்ணினால் தெரிந்துவிடும்.

நடக்க நடக்க எனக்கே இன்னொன்று பிடிபட்டது, மாப்ளே. இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை. ரெண்டு காலை மாற்றுவதில்லை, மூணுதான் மாற்றுகிறது. தக என்று வலதில் ஆரம்பித்தால் அடுத்த துண்டும் வலதில்தான் ஆரம்பிக்கும். தகிட என்று வலதில் ஆரம்பித்தால் அடுத்தது இடதுக்குப் போய்விடும். அதனால் இவன் மெட்டில் கனத்த தட்டு மூன்றும் வலது காலில் விழுகின்றன, அடுத்த ஆவர்த்தனத்தில் மூன்றும் இடது காலில். அதையே மிஸ்ரசாபுவாக, தகிட தக தக என்று நடந்து பார்: முதல் தட்டு ஒரு காலில், அடுத்த ரெண்டும் மறு காலில், அதே காலில் அடுத்த சமமும். அதே ஏழு அடிதான், ஆனால் இடுப்பு வேறு மாதிரி அசைகிறது. பல்கேரியாவில் ரசெனித்சா ஆடுகிறவர்களுக்கு ஏழு என்றால் ரெண்டு, ரெண்டு, மூணு. கிரேக்கத்தின் கலமத்தியானோசுக்கு மூணு, ரெண்டு, ரெண்டு, நம் மிஸ்ரசாபு மாதிரி. ரெண்டும் ஏன் வேறு ஆட்டம் என்பதை அன்றைக்கு என் கால்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அதையே மெட்ரோனோமில் வைத்துப் பார்த்தோம். நிமிஷத்துக்கு 105, முதல் தட்டுக்குத் தனி மணி எதுவும் கிடையாது, வெறும் டிக் மட்டும். ஒரு டிக்குக்கு ரெண்டு எழுத்து. ஒரு ஆவர்த்தனம் சரியாக 2 வினாடி, அதற்குள் மூன்றரை டிக். ஒரு சமம் டிக்கின் மேல் விழும், அடுத்தது ரெண்டு டிக்குக்கு நடுவில் வெற்றிடத்தில் விழும். அந்த வெற்றிடத்தில் பயப்படாமல் விழத் தெரிந்தால் ஏழு வந்துவிட்டது. சமம் ஒவ்வொன்றும் டிக்கோடு ஒட்டிக்கொண்டால் பழைய தப்புதான்: ஒரு ஆவர்த்தனத்துக்கு மூன்று டிக் என்றால் திணிக்கிறான், நாலு என்றால் மூச்சு விடுகிறான். தனி மணி வைத்த மெட்ரோனோம் வேண்டாம் என்றேன். அது ஒவ்வொரு சமத்திலும் கையைப் பிடித்துத் தூக்கிவிடும், தப்பு வெளியே தெரியாது.

வாசிப்பில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யச் சொன்னேன். முன்பு ஒன்றில் கிக், மூன்றில் ஸ்னேர், அஞ்சில் கிக், ஏழில் ஸ்னேர் என்று வைத்திருந்தான். கேட்கிறவன் நாலு தட்டு என்று நம்பிவிடுவான், எட்டாவது எழுத்து வராமல் அடுத்த கிக் விழும்போது காலிடறும். வேண்டுமென்றே அப்படி வெட்டுகிற பாட்டுகளும் உண்டு. இவர்கள் மெட்டுக்கு அது பொருந்தாது. இப்போது ஒன்றிலும் மூன்றிலும் கிக், அஞ்சில் மட்டும் ஸ்னேர். அதன் பிறகு வருகிற ரெண்டு எழுத்தும் ஹைஹாட்டில் மெல்லிசாகப் போகும். ஸ்னேர் அடியே நீளமான துண்டைத் திறந்துவிடுகிறது.

அப்படியும் வேகத்தில் 'தகிட' கொஞ்சம் நசுங்கியது. அதைத் தீர்த்தவர் நம் வாத்தியார்தான். அவர் வீட்டுக்கும் போயிருந்தோம். காது மந்தம், விரல் இன்னும் அப்படியே. பையன் சொல்வதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, "தகிட வேண்டாம், தான என்று சொல்லு" என்றார். திருப்புகழ்ச் சந்தம். தன என்றால் ரெண்டு குறில், ரெண்டு மாத்திரை. தான என்றால் நெடிலுக்கு ரெண்டு, குறிலுக்கு ஒன்று, ஆக மூணு. தன தன தான. தகிட-வை அவசரத்தில் திணித்துவிடலாம், 'தா'வைத் திணிக்க முடியாது. அது நீளாவிட்டால் 'தன' ஆகிவிடும், உடனே காதுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் அந்த மண்டபத்தில் நீயும் நானும் சந்தம் சொன்னபோது மாத்திரை மாத்திரை என்று அவர் தலையில் குட்டியது இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உன்னையும் கேட்டார். ஊருக்கு வந்தால் பார்த்துவிட்டுப் போ.

பாப்பாவுக்கும் இதைச் சொல். கண்டசாபு 'தன தான'. அவள் வாசிக்கப்போவது 'தான தன'. வாசிப்பதற்கு முன்னால் வீட்டுக் கூடத்திலேயே நடந்து பார்க்கட்டும். அஞ்சும் ஒற்றைப்படைதான், சமம் காலுக்குக் கால் மாற வேண்டும். பியானோவுக்கு ஏற்ப நடந்து, அவள் எடுக்கிற இடம் எந்த அடியில் விழுகிறது என்று எழுதி அனுப்பு. போனில் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது, நானும் பையனும் சேர்ந்து கேட்கிறோம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. அம்மா வடகம் ஒரு டப்பா கட்டி வைத்திருக்கிறாள், வருகிற வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் வருகிற சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன்
பங்காளி