ரசீதில் விற்றவரின் பதிவுப் பெயர் இல்லை: புகார்

பெறுநர்: கிளை நிர்வாகி அவர்கள்
அனுப்புநர்: வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்

ஐயா, வணக்கம்.

டவுனில் உள்ள உங்கள் கடையில் என் அம்மா 1,280 ரிங்கிட் கொடுத்துத் தண்ணீர் வடிகட்டி ஒன்று வாங்கினார். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதன் அடிப்பாகம் விரிசல் விட்டு ஒழுகுகிறது. மாற்றித் தரச் சொன்னால், "நாங்கள் ஏஜெண்ட்தான், கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால், பலகையில் இருக்கும் பெயரைக் காட்டுகிறார்கள்.

அது பிராண்டின் பெயர். ரசீதின் தலைப்பிலும் அதுதான் பெரிய எழுத்தில், பக்கத்தில் ® குறியோடு இருக்கிறது. அந்தப் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது; பொருளை விற்றது யார் என்று சொல்லவில்லை. சின்னம் ஒருவருடையதாகவும் கடை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம்.

ரசீதின் அடியில் மங்கலாக ஒரு ரப்பர் முத்திரை. பெயர் ‘எண்டர்பிரைஸ்’ என்று முடிகிறது, பதிவு எண் 202103 என்று தொடங்குகிறது. எஸ்எஸ்எம் தரும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு பதிவின் வகை. 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி, 03 என்றால் தனியாளோ கூட்டாளிகளோ நடத்தும் வியாபாரம். அப்படியானால் அது கம்பெனியே இல்லை. அந்தப் பெயருக்குத் தனிச் சட்ட உருவம் கிடையாது. பொறுப்பு நேராக உரிமையாளர் தலையில்தான் விழும்.

ஆனால் அம்மா பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் பெயர் வேறு. அது ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று முடிகிறது. அது தனிச் சட்ட உருவம் உள்ள கம்பெனி. வழக்கு போட்டால் அதன் பெயரிலேயே போட வேண்டும்.

எஸ்எஸ்எம்மில் தேடினால் இந்த இரண்டும் யார் யாருடையவை என்று தெரிந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு விற்றது இரண்டில் எது என்று அங்கே தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது ரசீது. கம்பெனி என்றால் தன் பெயரையும் பதிவு எண்ணையும் இன்வாய்ஸில் போட்டே ஆக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கும்போது எதிர்த்தரப்பின் பெயரை எழுத வேண்டும். அங்கே பிராண்டின் பெயரை எழுதி அம்மா ஜெயித்தாலும், பணத்தை யாரிடம் வசூலிப்பது? வயதானவரை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

ஆகவே 14 நாள்களுக்குள், விற்றவரின் முழுப் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றும் உள்ள புதிய ரசீது தாருங்கள். பணம் ஏன் வேறு பெயரிலுள்ள கணக்குக்குப் போனது என்று எழுத்தில் விளக்குங்கள். வடிகட்டியையும் மாற்றித் தாருங்கள். பதில் வராவிட்டால் முத்திரையில் உள்ள உரிமையாளர், கணக்கில் உள்ள கம்பெனி இருவரையுமே எதிர்த்தரப்பாகக் குறிப்பிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவோம்.

ரசீது, பணம் அனுப்பிய சீட்டு இரண்டின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாங்கியவரின் மகள்