கண்மாய்க்கரையில் இறங்கும்போது

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கி, ஆத்தங்குடியிலிருந்து நீயே கல் ஏற்றிக்கொண்டு வரப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். கூடவே கொஞ்சம் கவலையும் வந்தது.

இழுப்பதில் ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை, நிறுத்துவதில்தான் எல்லாம். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. உன்னுடையதும் அப்படித்தான் என்றால், டிராக்டர் 2 டன், சுமையோடு டிரெய்லர் 5 டன், ஆக 7 டன்னையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்தான் பிடிக்க வேண்டும். தனி டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் 3 மீட்டரில் நிற்கிறது என்று வை. டிரெய்லரோடு 10 மீட்டருக்கு மேல் ஓடும். வேகம் 30 ஆனால் 24 மீட்டர். நீ பார்த்துக் கால் வைப்பதற்குள் ஓடும் 8 மீட்டர் தனி. அதனால் சுமையோடு 20-ஐத் தாண்டாதே. இங்கிலாந்தில் இருக்கும் உன் மாப்பிள்ளையைக் கேட்டுப் பார். அங்கே ஊருக்கு வெளியே, நடுவில் தடுப்பு இல்லாத சாதாரணச் சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல், டிரெய்லர் மாட்டினால் 50 தான். அதுவும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும்.

உன் வழியில் கண்மாய்க்கரை ஏறி இறங்க வேண்டியிருக்கும் அல்லவா, அங்கேதான் கவனம். கரை உச்சியிலேயே சின்ன கியருக்கு வந்துவிடு. பாதியில் மாற்றப் போனால், கிளட்சை மிதித்த அந்த நொடியே டிரெய்லர் தள்ளத் தொடங்கும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. கரைக்குக் கீழே வளைவு இருந்தால், நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் பாரம் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். டிராக்டரும் டிரெய்லரும் கொக்கியில் மடங்கப் போவது கண்ணாடியில் தெரியும், டிரெய்லரின் ஒரு பக்கம் திடீரென்று அதிகமாகத் தெரியும். உடனே பிரேக்கை விட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கு. இன்னொன்று, வயலில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வரும்முன் லாக் போட்டுச் சேர்த்துவிடு. ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும்.

கொக்கியைப் பற்றி. கொக்கிப் பின் அதன் துளைக்குள் தடதடவென்று ஆடக்கூடாது. கழற்றி விரலால் தடவிப் பார், நடுவில் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடு. பின்னின் அடியில் கிளிப் கட்டாயம் இருக்க வேண்டும். கயிறோ கம்பியோ சுற்றிச் சமாளிக்காதே. பாதுகாப்புச் சங்கிலியை ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக மாட்டு, தரையில் உரசாத அளவுக்குத் தளர்வு போதும். மாட்டியதும் மெதுவாக முன்னே இழுத்துப் பார். கொஞ்ச தூரம் போனதும் இறங்கி, இன்னொரு முறை பார்.

கல்லை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்கினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடி போய்விடும். அளவுக்கு மீறி முன்னால் அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. அச்சுக்கு மேலே பரப்பி, சற்றே முன்பக்கம் கனமாக அடுக்கச் சொல்.

அடுத்த மாதம் தேவகோட்டைக்கு வருகிறேன். கொக்கிப் பின்னைக் கழற்றி வைத்திரு, இருவரும் சேர்ந்து பார்ப்போம். ஆச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சொக்கலிங்கம்
காரைக்குடி