பழைய என்டோவ்மென்ட் பாலிசியை சரண்டர் பண்ணச் சொல்ற நிதி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. சிங்கப்பூர்ல நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு காப்புறுதி விக்கிற, வீட்டுக்கே வந்து சாப்பாட்டு மேசையில உக்காந்து பேப்பர் விரிச்சு பேசற எல்லா ஆலோசகருங்களுக்கும்தான் இந்த மடல். எந்த நிறுவனம், யாருன்னு பேர் சொல்ல வரல. ஒரே ஒரு கணக்கு, அதை நீங்க போட்டுக் காட்டணும், அவ்ளோதான் கேக்கறேன்.

எங்க அக்கா 2004-ல சேமிப்பும் காப்புறுதியும் சேர்ந்த ஒரு 25 வருஷ என்டோவ்மென்ட் பாலிசி எடுத்தாங்க, மாசம் 150 வெள்ளி, 2029-ல முதிர்ச்சி. 2024-ல, அதாவது 20 வருஷம் முடிஞ்சப்போ, ஈசூன்ல அக்கா வீட்டுக்கு ஒரு ஆலோசகர் வந்தாரு, நல்லா பழகினவர்தான், அக்கா அக்கான்னு உரிமையா பேசறவர். பாலிசி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டு ஒரு தாள்ல எழுதினாரு: கட்டினது 36,000, இன்னைக்கு சரண்டர் பண்ணி பாதியிலயே முடிச்சுக்கிட்டா கிடைக்கறது 38,500, இருபது வருஷத்துல வெறும் 2,500 லாபம், இதை வெச்சிருந்து என்ன பிரயோஜனம், எடுத்து புதுசுல போடுங்கன்னு. அக்காவும் நம்பி சரண்டர் பண்ணிட்டாங்க. அந்தத் தாளை நான் இன்னும் வெச்சிருக்கேன். அதுல இருக்கற ஒரு எண்ணும் தப்பில்ல, ஆனா கேள்வியே தப்பு.

ஏன்னா அந்த இருபது வருஷம் போனது போனதுதான், வெச்சிருந்தாலும் எடுத்தாலும் அது மாறாது. இன்னைக்கு அக்கா கையில இருந்தது 38,500. வெச்சிருந்தா இன்னும் 60 மாசம் 150 கட்டணும், 2029-ல நிறுவனம் அனுப்பின கணிப்புப்படி 58,000 வரும். அப்போ கேக்க வேண்டிய கேள்வி, இன்னைக்கு 38,500-ஐயும் மாசாமாசம் 150-ஐயும் போட்டா அஞ்சு வருஷத்துல 58,000 ஆகுதே, அது என்ன வட்டின்னுதான். கூகுள் ஷீட்டோ எக்செல்லோ திறந்து ஒரு வரி போட்டா போதும்:

```
=RATE(60,-150,-38500,58000)*12
```

கிட்டத்தட்ட 4.4 சதவீதம் வருது. முழு 25 வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தா 2 சதவீதம் கூட தேறாத அதே பாலிசிதான் கடைசி அஞ்சு வருஷத்துல 4.4 குடுக்குது. காரணம் உங்களுக்கே தெரியும். ஆரம்ப வருஷத்துல கமிஷன், செலவுன்னு போயிடுது, முதல் ரெண்டு வருஷம் சரண்டர் மதிப்பே பெரும்பாலும் பூஜ்யம், ஆனா டெர்மினல் போனஸ்ங்கற பெரிய தொகை முதிர்ச்சி அன்னைக்குத்தான் முழுசா வரும், முன்னாடியே எடுத்தா அதுல ஒரு துண்டுதான் கிடைக்கும். அக்கா கசப்பான பகுதியை எல்லாம் தாண்டி வந்துட்டாங்க, பழம் பழுக்கற நேரத்துல மரத்தை வெட்டிட்டீங்க.

ஆமா, அந்த 58,000 உத்தரவாதம் இல்ல, போனஸ் குறையலாம், அதையும் நான் மறைக்கல. ஏற்கனவே அறிவிச்ச போனஸைக் குறைக்க முடியாது, அதோட காப்புறுதித் தொகையும் சேர்த்து உத்தரவாதம் 51,000 இருந்துச்சு. கடைசி எண்ணை 51000-னு மாத்திப் போட்டா 1.6 சதவீதம். மோசமா போனா 1.6, கணிப்பு பலிச்சா 4.4, இந்த ரெண்டையும் எழுதிக் காட்டியிருந்தா அக்காவே முடிவு பண்ணியிருப்பாங்க.

பணம் மட்டும் போகல. அந்தப் பாலிசியோட 30,000 வெள்ளிக்கு கடும்நோய் ரைடர்னு ஒரு கூடுதல் காப்பு ஒட்டியிருந்துச்சு, மூலப் பாலிசி போனா ரைடரும் போயிடும். அக்காவுக்கு 46 வயசுலயே சக்கரை வந்துடுச்சு, இப்போ புதுசா அந்தக் காப்பு வாங்கப் போனா கட்டணம் ஏத்துவாங்க இல்ல மறுப்பாங்க. காலாவதியான பாலிசியையாவது சில நேரம் உயிர்ப்பிக்கலாம், சரண்டர் பண்ணதைப் பொதுவா திரும்ப வாங்க முடியாது.

அந்த 38,500 எங்க போச்சு? வருஷம் 7,700 வீதம் அஞ்சு வருஷம் கட்டற புதுப் பாலிசி, முதிர்ச்சி 20 வருஷம் கழிச்சு, அக்காவுக்கு அப்போ 71 வயசு. முதல் வருஷ முடிவுல சரண்டர் மதிப்புன்னு இருக்கற கட்டத்துல 0-ன்னு அச்சடிச்சிருக்கு. விண்ணப்பத்துல பழைய பாலிசிக்குப் பதிலா இதை எடுக்கறீங்களான்னு ஒரு கேள்வி இருக்கும்ல, அதுல இல்லைன்னு டிக் பண்ணியிருந்துச்சு, காரணம், சரண்டர் ஒரு மாசம் முன்னாடியே முடிஞ்சதாம். மாத்தறதால வர்ற நஷ்டத்தை வாடிக்கையாளருக்கு விளக்கணும்ங்கறது நாணய ஆணையத்தோட விதி, அந்த டிக் அதை மறைச்சுடுச்சு. எனக்கு விஷயம் தெரியறதுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் குடுக்கற 14 நாள் ஃப்ரீ லுக் அவகாசமும் தாண்டிடுச்சு.

சரண்டரே கூடாதுன்னு நான் சொல்லலீங்க, நானே பண்ணேன். 2015-ல எடுத்தது, மாசம் 200, பத்து வருஷத்துல 24,000 கட்டி 19,200 தான் கிடைச்சுது, 4,800 நஷ்டம், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆனா மீதி 15 வருஷத்துக்கு இதே கணக்கைப் போட்டா கணிப்புத் தொகை 76,000-க்கு 3 சதவீதத்துக்கு சொச்சம், உத்தரவாதத் தொகை 60,000-க்கு 0.8 தான். எனக்கு 41 வயசு, சிபிஎஃப் சிறப்புக் கணக்குல இப்போ 4 சதவீதம், அது அப்படியே இருந்தா அதே 19,200-ம் மாசம் 200-ம் 15 வருஷத்துல 83,000-ஐத் தாண்டும். ரொக்கமா நிரப்பினா வருஷம் 8,000 வரைக்கும் வரிக்கழிவு உண்டு, அதனால மாசம் 200 வீதம் வருஷத்துக்கு 2,400-ஓட பழைய பணத்துல 5,600 வெள்ளி, இப்படி நாலு வருஷமா பிரிச்சுப் போடறேன். காத்திருக்கற பணம் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்துல இருக்கு, 500 வெள்ளியில இருந்து வாங்கலாம், எந்த மாசம் வேணாலும் அபராதம் இல்லாம எடுக்கலாம், பரிவர்த்தனைக்கு 2 வெள்ளி. சிபிஎஃப்ல போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஓய்வுக் காலத்துல மாசாமாசம்தான் வரும், அதனால ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா ஒதுக்கின பிறகுதான் இதைச் செஞ்சேன். உயிர்க் காப்புக்கு தனியா டெர்ம் பாலிசி, அது அங்கீகாரம் ஆகி கைக்கு வந்த பிறகுதான் பழசுல கை வெச்சேன், அந்த வரிசை மாறவே கூடாது.

அவசரமா பணம் வேணும்ங்கறவங்களுக்கும் சரண்டர் கடைசி வழியா இருக்கட்டும். பாலிசி மேல கடன் வாங்கலாம், கட்டறதை நிறுத்திட்டு குறைஞ்ச தொகைக்கு பாலிசியைத் தொடர விடற பெய்ட் அப் ஆக்கலாம், முதிர்ச்சிக்குக் கொஞ்ச வருஷமே இருந்தா பழைய பாலிசியை விலைக்கு வாங்கற கம்பெனிங்க சரண்டர் மதிப்பைவிட கூடக் குடுக்கறதும் உண்டு. இதை எல்லாம் அக்காகிட்ட ஒருத்தரும் சொல்லல.

அடுத்த தடவை யாரோட பாலிசியையாவது எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி நிறுவனத்துகிட்ட மூணு எண்ணை எழுத்துல வாங்குங்க: இன்னைக்கு சரண்டர் மதிப்பு, முதிர்ச்சியில உத்தரவாதத் தொகை, முதிர்ச்சியில கணிப்புத் தொகை. பாலிசி ஆண்டு நாள் பக்கத்துல இருந்தா அது தாண்டினா மதிப்பு எவ்ளோன்னும் கேளுங்க, அந்த வருஷ போனஸ் அதுக்கப்புறம் சேரலாம். அந்த RATE வரியை அவங்க கண்ணு முன்னாடியே போடுங்க, ரெண்டு சதவீதத்தையும் தாள்ல எழுதி, உங்க பேர் எழுதி, கையெழுத்துப் போட்டு அவங்ககிட்டயே குடுத்துட்டு வாங்க.