இரண்டு டி-ஷர்ட்டுக்கு ஏன் இவ்வளவு விலை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

அணிக்கு டி-ஷர்ட் வாங்கிப் போன பிறகு, "இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதே மாதிரி இரண்டு அடித்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய. விலையைச் சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. அந்தக் கணக்கைத் திறந்து காட்டிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் ரசாயனம் பூசி, டிசைனை வைத்து ஒளி காட்டி, கழுவி எடுக்க வேண்டும். பிறகு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழுகின்றனவா என்று சோதனை அச்சு போட்டுப் பார்க்க வேண்டும். பத்து சட்டை அடித்தாலும் ஐம்பது அடித்தாலும் இந்த வேலை ஒன்றேதான். செட்டப் கட்டணம் என்று நாங்கள் வாங்குவது இதற்குத்தான்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். வெறும் டி-ஷர்ட் 200, ஒரு ஸ்கிரீனுக்கு 500, ஒரு சட்டையில் ஒரு முறை மை இழுக்க 15. உங்கள் டிசைனில் மஞ்சள், சிவப்பு என இரண்டே நிறம். ஆனால் சட்டை கறுப்பு. கறுப்புத் துணியில் மஞ்சளை நேராக அடித்தால் மங்கிப்போகும். அதனால் அடியில் வெள்ளை அடித்தாக வேண்டும். ஆக மூன்று ஸ்கிரீன், 1500. சட்டை ஒன்றுக்குத் துணியும் அச்சும் சேர்த்து 245.

பத்து சட்டை என்றால் செட்டப்பில் தலைக்கு 150 விழும். ஒன்றின் விலை 395. ஐம்பது என்றால் தலைக்கு 30தான், விலை 275. பத்தோடு முதலிலேயே இரண்டு கூடுதலாகச் சொல்லியிருந்தால், அந்த இரண்டுக்கும் சேர்த்து 490 கூடியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துக் கேட்டால்? வேலை முடிந்ததும் வலையைக் கழுவி அடுத்த டிசைனுக்கு எடுத்துவிடுகிறோம். மறுபடி 1500, அதோடு 490. இரண்டு சட்டைக்கு 1990! எங்களுக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அதனால் ஆர்டரின்போதே பொதுவான அளவுகளில் இரண்டு மூன்று கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். ஆட்களின் பெயரும் எண்ணும் சட்டைக்குச் சட்டை மாறுவதால் அவற்றை ஸ்கிரீனில் அடிப்பதில்லை. வெட்டிய வினைலைச் சூடு வைத்து ஒட்டுகிறோம். கூடுதல் சட்டையை முதுகில் வெறுமையாக வைத்திருந்தால், புது ஆள் வந்ததும் பெயரை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. அதே டிசைனை வெள்ளைச் சட்டையில் அடித்தால் அடி வெள்ளை தேவையில்லை. இரண்டு ஸ்கிரீன் போதும். பத்து சட்டைக்கு ஒன்று 330தான். கறுப்புதான் வேண்டும் என்றால், எழுத்தைச் சுற்றிய கறுப்புக் கோட்டுக்குத் தனி நிறம் கேட்காதீர்கள். அந்த இடத்தை அச்சிடாமல் விட்டால் துணியே கோடாகத் தெரியும்.

அப்புறம், நான்கைந்து சட்டைதான் வேண்டும் என்றால் ஸ்கிரீன் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். ஸ்கிரீன் தேவைப்படாத டிஜிட்டல் அச்சு இருக்கிறது. அச்சுக்கூலி சற்றுக் கூடினாலும் மொத்தத்தில் அதுவே மலிவு.

இப்படிக்கு,
அச்சகத்தார்