டிக்கெட் எடுத்துவிட்டு அனுமதி கேட்க வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்விப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, ஒரே ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் பள்ளிக்கு வந்து விடுப்பு கேட்கும் தாய்மார்களிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தார். தாய்மார்கள் என்றே எழுதியிருந்தார். தகப்பன்மார் யாரும் அந்த விமானத்தில் ஏறுவதில்லை போலிருக்கிறது.

போன வருடம் நான் அப்படி விடுப்பு கேட்டவள். அதனால் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தங்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்கும். கட்டுரை எழுதியவருக்கும், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் மாதிரி இருக்கும் மற்ற பெற்றோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. மூத்தவள் நான் போகாமல் வேறு யார் போவது? மாமியாரால் எழுந்து நடக்க முடியாது, அவரிடம் ஆறாம் வகுப்புப் பையனை விட்டுப் போக வழியில்லை. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கிளம்பி நவம்பர் நடுவில் திரும்புவதாகத் திட்டம் போட்டோம். காலாண்டு விடுமுறை, ஆயுதபூஜை, தீபாவளி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். பள்ளி நடக்கும் நாள் என்று பார்த்தால் சுமார் முப்பதுதான் போகும். பிள்ளை பிறக்கும் தேதியை இதற்கு மேல் என்னால் ஒதுக்கி வைக்க முடியாது.

இப்போது அந்த டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனிக்கு ஷெங்கன் விசா வேண்டும். விசா கைக்கு வருவதற்கு முன் பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். விமான முன்பதிவு விவரத்தைக் காட்டினால் போதும். தங்கையின் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு, படிக்கிற பிள்ளை என்றால் பள்ளியின் கடிதமும் அதே கோப்பில் போக வேண்டும். இந்த மாணவன் எங்கள் பள்ளியில் இந்த வகுப்பில் படிக்கிறான், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை விடுப்பு அளிக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபணை இல்லை என்று பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் கையெழுத்தும் முத்திரையுமாக இருக்க வேண்டும். பையன் திரும்பி வருவான் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகவே பள்ளியின் கடிதம் முதலில், டிக்கெட் அதற்குப் பிறகு. கட்டுரையாளர் வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டார். விசா மறுத்தால் கட்டிய கட்டணமும் திரும்பி வராது. அந்த ஒரு தாளுக்காக நான் எத்தனை பயந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஜூலையிலேயே பள்ளி முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். போகும் நாள், வரும் நாள், காரணம், அங்கே தங்கும் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. பையனின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதித் தரும்படியும் கேட்டிருந்தேன். பள்ளிப் பதிவேட்டில் இன்ஷியல் மட்டும்தான், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இரண்டும் வேறுவேறாக இருந்தால் விசா அலுவலகத்தில் கேள்வி வரும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: இரண்டாம் பருவத்தில் அவன் தவறவிடும் வளரறி மதிப்பீடுகளை, அதாவது வகுப்பில் நடக்கும் சிறுதேர்வுகளையும் செயல்பாடுகளையும், திரும்பி வந்த பிறகு எழுதவும் செய்யவும் அனுமதிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

முதல்வர் கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. சார் வரவில்லையா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, வெளிநாடு என்றெல்லாம் எழுதாதீர்கள், மஞ்சள் காமாலை என்று ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி வந்தால் பிரச்சினை இல்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றார். என் பிள்ளை நல்ல ஆரோக்கியமாக இருக்கிறான். இல்லாத நோயை அவன் பெயரில் எழுதிவாங்க நான் சம்மதிக்கவில்லை. அதே பையனுக்கு ஒரு பக்கம் காமாலை என்று பள்ளியில் சான்றிதழ், இன்னொரு பக்கம் பயணக் கோப்பு என்று வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? அப்படியானால் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், வந்து இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொன்னவளுக்கு டி.சி., பொய் சொல்லச் சம்மதித்தால் விடுப்பு. அந்த அறையில் நின்று கேட்ட இந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. பள்ளி செல்லாக் குழந்தை யார் என்று மத்திய அரசு வகுத்த வரையறையில், சேர்ந்த பிறகு முன்னறிவிப்பில்லாமல் 45 நாளோ அதற்கு மேலோ வராத குழந்தை என்று இருக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் என்ற சொல்லைக் கவனியுங்கள் ஐயா. நான் கொடுத்தது முன்னறிவிப்பு. வருகைப்பதிவு 75 சதவீதம் என்று ஒரு பேச்சும் அங்கே வந்தது. அது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சொல்லப்படும் கணக்கு. சரி, ஆறாம் வகுப்புக்கும் அதையே வைத்துப் பார்ப்போம். ஆறு முதல் எட்டு வகுப்புவரை சட்டம் கேட்பது வருடத்துக்கு 220 வேலைநாள். அதில் முக்கால் பங்கு 165. என் பையன் முப்பது நாள் போகாவிட்டாலும் 190 நாள் வந்திருப்பான்.

எங்கள் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பள்ளி மூடாத வருடம் உண்டா? 2018 நவம்பரில் கஜா வந்தபோது நாகை, திருவாரூர்ப் பக்கம் பள்ளிகள் எத்தனை நாள் மூடிக் கிடந்தன! கொரோனா காலத்தில் இதே பள்ளி வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பி, முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டது. அப்போது முடிந்தது இப்போது ஒரு பிள்ளைக்கு ஏன் முடியாது? ஆண்டு விழா ஒத்திகைக்கென்று வாரக்கணக்கில் பாடவேளைகள் போவதை யாராவது கணக்கெழுதி வைத்திருக்கிறார்களா?

என் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அத்தையும் சித்தப்பாக்களும் சிறு பிள்ளைகளாக நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போய், மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி, எங்கள் கிராமப் பள்ளியிலேயே மறுபடி உட்கார்ந்தவர்கள். தலைமையாசிரியர் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் இருத்திவைத்து விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். அத்தை இன்றும் அவர் பெயரைச் சொல்லிக் கைகூப்புவார். அந்தக் காலத்து வாத்தியாருக்குத் தோன்றியது இன்றைக்குத் தோன்றவில்லை.

வகுப்பாசிரியை நல்லவர். அவர் எடுத்துச் சொன்ன பிறகு, பெற்றோர் தகவல் தெரிவித்துள்ளனர், மாணவன் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வான் என்று ஒரு கடிதம் கிடைத்தது. அனுமதி என்ற சொல்லே அதில் இல்லை. விசா கிடைத்துவிட்டது, அது தெய்வச் செயல். அறிவியலும் சமூக அறிவியலும் படித்தால் வந்துவிடும், கணக்கைத்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்த டீச்சர் சொல்லி அனுப்பினார். இரண்டாம் பருவப் புத்தகத்தைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். பகா எண்ணும் மீ.பெ.கா., மீ.சி.ம.வும் எங்களோடு வந்திருந்த என் கணவர் ஊருக்குத் திரும்பும்வரை அவரிடம் படித்தான், அப்புறம் என்னிடம்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு எழுதினான். கணக்கில் 60க்கு 48. மதிப்பெண் அட்டை வந்தபோது அதே கணக்கில் தரம் சி1 என்று இருந்தது. ஆறாம் வகுப்பில் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்பது தங்களுக்குத் தெரியும். அந்த நாற்பதில் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. வந்த பிறகு எழுதிய சிறுதேர்வில் 10 கிடைத்திருந்தது. செயல்பாட்டில் பூஜ்யம். மொத்தம் 58. நான் ஜூலையில் எழுதிக் கேட்டது இதற்காகத்தான். ஒரு படம் வரைந்து ஒட்டச் சொல்லியிருந்தால், ஒரு மாதிரி செய்துவரச் சொல்லியிருந்தால், ஒரே வாரத்தில் செய்து கொடுத்திருப்பான். பிறகு போய்க் கேட்டால், மதிப்பெண் பதிந்தாகிவிட்டது, இனி திறக்க முடியாது என்றார்கள். நாற்பத்தெட்டு வாங்கிய பிள்ளை, அம்மா, நான் மக்கா என்று கேட்டான். அவன் கேட்டதற்கு அந்தக் கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.

இனி போகிறவர்களாவது விடுப்புக் கடிதத்தின் நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தெந்த மதிப்பீடு எந்தத் தேதியில் திரும்ப நடக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தேர்வு மட்டும்தான் முக்கியம் என்று நம்பிப் போனால் இப்படித்தான் ஆகும்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்விப் பக்கத்தில் ஒருமுறை, பெற்றோர் பள்ளிக்குத் தர வேண்டிய நீண்ட விடுப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும், பள்ளி திருப்பித் தர வேண்டிய கடிதத்துக்கு ஒரு மாதிரியும் அச்சிடுங்கள். இடம் கிடைத்தால், டிக்கெட்டைப் பற்றி எழுதிய அந்த வரியையும் திருத்திப் போடுங்கள். அடுத்த இதழில் முடியாவிட்டால் அதற்கடுத்த இதழிலாவது.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாணவனின் தாய்,
கும்பகோணம் வட்டம்.