நிபந்தனையை வெட்டிய சுருக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுச் சுற்றறிக்கைகளின் நீளத்தைப் பற்றி எல்லோரும் குறைபடுகிறோம். அதைப் படித்துவிட்டு ஊழியர்களுக்காக ஒரு பக்கத்தில் எழுதப்படும் குறிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கவுன்டரில் இருப்பவர் கையில் இருப்பது அந்தக் குறிப்புதான், சுற்றறிக்கை அல்ல.

நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்துக்கு இருபது பக்கத்துக்கும் மேல் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல் சில பக்கங்கள் முழுக்கப் பார்வைகளும் பின்னணியும். பத்தி 14இல்தான் உத்தரவு: ஜூலை 1 முதல் புதிய படிவம். பத்தி 19இல் ஒரு விலக்கு: அதற்கு முன்பே வந்து இன்னும் முடிவாகாத மனுக்களுக்குப் பழைய படிவமே செல்லும், கூடுதலாக ஓர் உறுதிமொழி வாங்கினால் போதும். குறிப்பு எழுதியவர் பத்தி 14ஐ மட்டும் எடுத்து, ‘ஜூலை 1 முதல் பழைய படிவம் செல்லாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம் என்ன, நிலுவையில் இருந்த மனுக்களெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன. மனுதாரர்கள் மறுபடி விண்ணப்பித்து, வரிசையில் தங்கள் பழைய தேதியை இழந்தார்கள்.

இடம் போதாமல் நடந்ததில்லை இது. இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்:

‘ஜூலை 1 முதல் வரும் மனு: புதிய படிவம் (பத்தி 14). ஜூன் 30 வரை வந்து முடிவாகாத மனு: பழைய படிவமே, உறுதிமொழி மட்டும் வாங்கவும் (பத்தி 19).’

சுற்றறிக்கையின் வரிசையிலேயே சுருக்கிக்கொண்டு போனால் பின்னணிக்கே பாதிப் பக்கம் போய்விடும். யார், எந்த மனுவை, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நிபந்தனை உத்தரவோடு ஒட்டியே நிற்க வேண்டும். ‘செய்யலாம்’ என்று மூலத்தில் இருப்பது குறிப்பில் ‘செய்ய வேண்டும்’ ஆகிவிடக் கூடாது. ஊழியருக்கு விட்டிருந்த முடிவு அந்த ஒரு சொல்லில் பறிபோகிறது.

தேதியிலும் கவனம் வேண்டும். அந்த உறுதிமொழியை ‘30 நாட்களுக்குள்’ வாங்கச் சொன்ன சுற்றறிக்கை, அது சுற்றறிக்கையின் தேதியிலிருந்தா, ஜூலை 1இலிருந்தா என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் குறிப்பு எழுதுபவர் தாமாக ஒரு பொருள் கொள்ளக் கூடாது. அனுப்பிய அலுவலகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டு, ‘விளக்கம் கேட்கப்பட்டுள்ளது, அதுவரை ஜூலை 10ஐக் கடைசி நாளாகக் கொள்ளவும்’ என்று, முன்னதாக வரும் தேதியைக் குறிப்பிலேயே போட்டுவிடலாம்.

அனுப்புவதற்கு முன், சுற்றறிக்கையைப் படிக்காத ஓர் ஊழியரிடம் குறிப்பையும் மூன்று மாதிரி மனுக்களையும் கொடுத்துப் பாருங்கள். புதியது ஒன்று, நிலுவையில் உள்ளது ஒன்று, ஜூன் 30 மாலை வந்தது ஒன்று. மூன்றையும் அவர் சரியாகப் பிரித்துவிட்டால் சரி. எங்காவது தயங்கினால், திருத்த வேண்டிய வரி அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்